தோல் நிறம் பற்றிய பாடம்: பெற்றோருக்குக் கடிதம் எழுதும் முறை

நான்காம் வகுப்பில் தோல் நிறம் பற்றி ஒரு பாடம் எடுக்கிறீர்கள். பாடம் நன்றாகவே போகிறது. மாலையில் பிள்ளை வீட்டுக்குப் போய், "மிஸ் இன்னைக்கு கருப்பு, சிவப்பு பத்தி பேசினாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடும். அதைக் கேட்கும் அம்மாவுக்கு, நம் பிள்ளையை யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

அதனால்தான் கடிதம் வேண்டும். வகுப்பில் நடந்ததைப் பெற்றோர் நம் வாயால் கேட்டுவிட்டால், பிள்ளை சொல்லும் பாதிச் செய்தி முழுசாகிவிடும். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி ஒன்றில், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புதிதாக வரும் ஆசிரியர்கள் தடுமாறும் இடங்களையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

## 1. முதலில் பாடத்தைக் கடிதத்தில் எளிதாகச் சொல்லும்படி அமைத்துக்கொள்ளுங்கள்

பாடத்தில் என்ன செய்தீர்கள் என்று எளிதாகச் சொல்ல முடியாவிட்டால் கடிதமும் வழவழவென்று போய்விடும். அதனால் பிள்ளைகள் கையால் செய்யும் ஒரு வேலையைப் பாடத்தின் நடுவில் வையுங்கள்.

நான் பரிந்துரைப்பது வண்ணம் கலக்கும் வேலை. நம் பிள்ளைகள் கிரேயான் பெட்டியில் இருக்கும் வெளிர் இளஞ்சிவப்புக் குச்சியை "ஸ்கின் கலர்" என்று கேட்டு வாங்குவார்கள். அந்தக் குச்சியை ஒவ்வொருவரும் தன் முன்கையின் மேல் வைத்துப் பார்க்கட்டும். யாருக்கும் பொருந்தாது. அப்புறம் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நான்கு வாட்டர்கலரை மட்டும் கொடுத்து, தன் கை நிறத்தைத் தானே கலந்து உருவாக்கச் சொல்லுங்கள். சிவப்பும் மஞ்சளும் கூட, நீலம் கொஞ்சமாக, ஒரு பழுப்பு வரும். அதோடு வெள்ளையோ நீலமோ துளித்துளியாகச் சேர்த்தால் ஒவ்வொருவரின் நிறமும் கிடைத்துவிடும். வகுப்பில் இருக்கும் எல்லா நிறமும் அதே நான்கு புட்டியிலிருந்து வந்தவை என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்வார்கள்.

கருப்பு வண்ணத்தை வேண்டுமென்றே கொடுக்காமல் விடுங்கள். கொடுத்தால் யாராவது ஒரு பிள்ளை அதைப் பக்கத்துப் பிள்ளையின் கையருகே கொண்டுபோய் "இதுதான் உன் கலர்" என்று சொல்லிவிடும். ஒரு விதியும் வேண்டும்: அவரவர் கை நிறத்தை மட்டும் கலக்கலாம், அவரவர் நிறத்துக்கு மட்டும் பெயர் வைக்கலாம். வரிசையாக நிற்க வைத்து நிறத்தை ஒப்பிடுவது கூடவே கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்கிறேன். 1968-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை உயர்ந்தது என்று நடத்திப் பாகுபாட்டை உணர வைத்தார். அதை இங்கே செய்து பார்க்கலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளையைத் தாழ்த்தி உட்கார வைத்துவிட்டு, அதை நியாயப்படுத்தி எந்தக் கடிதமும் எழுத முடியாது.

## 2. நடந்த சம்பவத்தைப் பாடத்திலிருந்து பிரியுங்கள்

இந்தப் பாடம் பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்த பிறகுதான் எடுக்கப்படுகிறது. மைதானத்தில் ஒருவன் இன்னொருவனைக் "கருவாயா" என்று கூப்பிட்டிருப்பான். கபடியில் ஒரு சிறுமியின் கையைப் பிடிக்க மாட்டேன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அப்படி நடந்திருந்தால், கடிதம் எழுதுவதற்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் பேசிவிடுங்கள். முதலில் புண்பட்ட பிள்ளையின் வீடு, பிறகு சொன்ன பிள்ளையின் வீடு. இந்த வரிசை மாறினால், தன் பிள்ளைக்கு நடந்ததை அடுத்த வீட்டார் மூலம் கேட்கும் நிலை அந்த அம்மாவுக்கு வந்துவிடும்.

பொதுக் கடிதத்தில் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். "சமீபத்தில் நம் வகுப்பில் நடந்த ஒரு வருத்தமான நிகழ்ச்சியை ஒட்டி" என்று ஆரம்பிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பெயர் போடவில்லையே என்று நினைப்பீர்கள். ஆனால் அதைப் படித்த எல்லா வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்குள் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

## 3. எழுத உட்காருமுன் நான்கு விஷயங்கள்

தலைமையாசிரியரிடம் பாடத்தையும் கடிதத்தையும் முன்கூட்டியே காட்டுங்கள். ஒரு பெற்றோர் நேரே அவரிடம் போய் நின்றால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் வெண்புள்ளி உள்ள பிள்ளையோ, மெலனின் குறைபாட்டோடு பிறந்த பிள்ளையோ இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் பாடத்துக்கு முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போன் செய்து, வண்ணம் கலக்கும் வேலை அந்தப் பிள்ளைக்குச் சங்கடமாக இருக்குமா என்று கேளுங்கள். சில பிள்ளைகள் ஆர்வமாகவே இரண்டு நிறத்தையும் கலந்து காட்டுவார்கள். சிலருக்குப் பிடிக்காது. முடிவு அவர்களுடையது.

தமிழ் படிக்காத பெற்றோர் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது பல பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதத்தை வாயால் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள்.

நான்காவதுதான் எழுதும் முறையையே மாற்றக்கூடியது. பல வீடுகளில் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டப்போவது உங்கள் மாணவர்தான். பாட்டிக்கோ, வேலை முடிந்து வந்த அப்பாவுக்கோ அந்தப் பிள்ளையே வாசிக்கும். ஆகவே ஒன்பது வயதுப் பிள்ளை தடுமாறாமல் வாசிக்கும்படி வாக்கியங்கள் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்னால் கூசக்கூடிய ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது.

## 4. முதல் பத்தியில் நடந்ததைச் சொல்லுங்கள்

"சமத்துவம், மனிதநேயம் ஆகிய விழுமியங்களை மாணவர்களிடம் வளர்க்கும் நோக்கில்" என்று ஆரம்பிக்கும் கடிதத்தைப் பெற்றோர் சுற்றறிக்கை என்று நினைத்து மடித்து வைத்துவிடுவார்கள். அதோடு வகுப்பில் என்ன நடந்தது என்பது அதிலிருந்து தெரியாது.

"இன்று பிள்ளைகள் நான்கு வண்ணங்களைக் கலந்து தங்கள் கை நிறத்தை உருவாக்கினார்கள்" என்று தொடங்குங்கள். பிள்ளை சொல்லும் கதையும் கடிதமும் ஒன்றாக இருக்கிறதே என்று பெற்றோருக்கு உடனே நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் அடுத்த பத்தியில் நீங்கள் சொல்லும் எதுவும் அவர்கள் காதில் ஏறும்.

## 5. அறிவியல்: நான்கு வாக்கியம் போதும், ஆனால் சரியாக இருக்க வேண்டும்

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்கள் எல்லோர் உடலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனினை, எந்த வகை மெலனினை உண்டாக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். அது பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் என்பதால் ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் வேறு வேறு நிறமாக இருப்பது இயல்பு.

இந்தக் கடைசி வாக்கியத்தை எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். "இவ மட்டும் யாரு மாதிரி?" என்று உறவினர்கள் கேட்டுக் கேட்டு நொந்துபோன பிள்ளைகளும் அம்மாக்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். கடிதத்தில் அவர்களுக்கு உடனே பயன்படும் இடம் இதுதான்.

இங்கே வரும் பிழைகள் சில. மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பது உண்மை. அதற்காகக் கருத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்று எழுதிவிடாதீர்கள். வெயிலில் நின்றால் எல்லாத் தோலும் பாதிக்கப்படும், அளவுதான் மாறும். அதேபோல "வெயிலில் அலைவதால் கருப்பாகிறோம்" என்பதும் பாதிதான். வெயிலில் வரும் கருமை நாளாக நாளாகக் குறைந்துவிடும், பிறவி நிறம் அப்படியே இருக்கும்.

"கருப்புதான் அழகு" என்று எழுதும் ஆசையும் வரும். நல்ல மனதோடுதான் எழுதுகிறோம். ஆனால் அழகுக்கு வரிசை போடும் பழக்கம் அப்படியே இருக்கிறது, முதல் இடத்தில் நிற்பவர் மட்டும் மாறியிருக்கிறார். வெளுத்த நிறமுள்ள பிள்ளையும் அதே கடிதத்தை வீட்டில் வாசிக்கப் போகிறது என்பதை மறக்காதீர்கள். "எந்த நிறமும் ஒருவரின் மதிப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை" என்ற அளவோடு நிறுத்துங்கள்.

சட்டத்தைத் துணைக்கு அழைக்கும்போதும் கவனம் தேவை. அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தோல் நிறம் என்ற சொல் அதில் இல்லை. "நிறப் பாகுபாட்டை 15-ஆவது பிரிவு தடை செய்கிறது" என்று எழுதினால் விவரம் தெரிந்த ஒரு பெற்றோர் திருத்துவார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அது நமக்கு நேராகப் பொருந்தும். நிறத்தை வைத்து ஆசிரியர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவும் அதற்குள் வரும்.

## 6. வீட்டாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்

இது நுணுக்கமான இடம். "வீட்டில் நிறம் பற்றிப் பேசாதீர்கள்" என்று எழுதினால் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, வீட்டைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். இரண்டு, "என் கருப்பி" என்று பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சும் பாட்டியையும், மைதானத்தில் அதே சொல்லைக் கல்லாக எறியும் பையனையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கே இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அதற்குப் பதிலாக, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் புழங்கும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "வெயில்ல ஆடாதே, கருத்துடுவே." பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் கருப்பது ஒரு கேடு என்ற பாடம் அதற்குள் தினமும் போய்ச் சேர்கிறது. பெண் பிள்ளைகளிடம் அது இன்னும் அடிக்கடி சொல்லப்படுவதால், சிலர் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். இதற்கு மாற்றாக, "வெயில் கடுமையா இருக்கு, தொப்பி போட்டுக்கோ, தண்ணி குடி" என்று சொல்லுங்கள் என்று கேட்டால் எந்த வீட்டுக்கும் கோபம் வராது. அக்கறை அப்படியே இருக்கிறது, காரணம் மட்டும் மாறுகிறது.

வேண்டுகோள் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஐந்து எழுதினால் ஒன்றையும் செய்ய மாட்டார்கள். விளம்பரம், சினிமா, கல்யாணச் சந்தை எல்லாவற்றையும் இந்தக் கடிதத்திலேயே பேசிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

## 7. பள்ளி என்ன செய்யும் என்பதையும் எழுதுங்கள்

பெற்றோருக்கு வேண்டுகோள் வைத்துவிட்டுப் பள்ளி பேசாமல் இருந்தால், அந்தக் கடிதம் உபதேசமாகிவிடும். ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். வரவேற்பு நடனத்தில் முன்வரிசையில் யார் நிற்கிறார்கள்? பாரத மாதா வேடம் யாருக்கு, அரக்கன் வேடம் யாருக்கு? விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கக் கூப்பிடுவது யாரை? நாம் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். கடந்த ஆண்டுகளின் குழுப் படங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

ஆகவே நியாயம் என்பதை இந்த இடத்தில் செயலாகச் சொல்லுங்கள். வசனம் பேசிக் காட்டும் திறனை வைத்தோ, சீட்டுக் குலுக்கியோ வேடம் கொடுப்போம். நடனத்தில் வரிசையை உயரப்படி அமைப்போம். மேடை ஏறும் பிள்ளைகளுக்கு முகத்தை வெளுப்பாக்கும் பவுடர் பூச மாட்டோம். இவற்றில் உங்களால் உறுதியாக நிறைவேற்ற முடிந்ததை மட்டும் எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் முன்பே பேசச் சொன்னது இதற்காகவும்தான்.

## 8. முழுக் கடிதம்

மேலே சொன்ன வரிசையில் ஒரு கடிதம் இப்படி வரும்:

> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> வணக்கம். இன்று நம் வகுப்பில் பிள்ளைகள் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு வண்ணங்களைக் கலந்து தங்கள் கையின் நிறத்தை உருவாக்கினார்கள். பெட்டியில் "ஸ்கின் கலர்" என்று நாம் சொல்லும் குச்சி யாருடைய கைக்கும் பொருந்தவில்லை. எல்லோருடைய நிறமும் அதே நான்கு வண்ணங்களிலிருந்து வந்ததைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அந்தத் தாளை இன்று வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள்.
>
> தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள் என்று படித்தோம். அதை உண்டாக்கும் செல்கள் எல்லோர் உடலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் உள்ளன. அவை உண்டாக்கும் மெலனின்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள்கூட வேறு வேறு நிறமாக இருப்பது இயல்பு. எந்த நிறமும் ஒருவரின் மதிப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.
>
> ஒருவரை அவருடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நிறத்தைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம். யாராவது அப்படிக் கூப்பிட்டால் பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்லலாம். நான் தனியாக விசாரிப்பேன்.
>
> ஆண்டு விழா நாடகத்தில் இந்த ஆண்டு சீட்டுக் குலுக்கி வேடம் கொடுப்போம்.
>
> உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வெயிலில் விளையாடும்போது "கருத்துவிடுவாய்" என்று சொல்லாமல், "வெயில் கடுமையாக இருக்கிறது, தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் குடி" என்று சொல்லுங்கள்.
>
> இதைப் பற்றிப் பேச விரும்பினால் பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் வகுப்பறையில் இருப்பேன், வாருங்கள்.
>
> அன்புடன்,
> வகுப்பாசிரியர், நான்காம் வகுப்பு

பள்ளி எந்த வாக்குறுதி கொடுக்கிறதோ அதற்கேற்ப ஆண்டு விழா வரியை மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தமும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரியாதை, மனிதநேயம் என்று பொதுவாகப் பேசும் வரிகளைத்தான் முதலில் வெட்ட வேண்டும், நடந்ததைச் சொல்லும் வரிகளில் கை வைக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள்.

## 9. எப்போது, எப்படி அனுப்புவது

பாடம் நடக்கும் அன்றே மாலையில், வண்ணத் தாளோடு சேர்த்துப் பையில் வைத்து அனுப்புங்கள். இரண்டு நாள் முன்னால் அனுப்பினால், "கலர் பத்தி மிஸ் கேட்டா ஒண்ணும் சொல்லாதே" என்று சில வீடுகளில் பிள்ளையை எச்சரித்து அனுப்புவார்கள். வகுப்பு வாய் திறக்காது. மறுநாள் அனுப்பினால் அதற்குள் பாதிச் செய்தி பரவிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் கடிதத்தைப் போடலாம், ஆனால் விவாதத்தை அங்கே வளர விடாதீர்கள். "நேரில் பேசுவோம்" என்று ஒரே பதில் போதும். பிள்ளைகளின் கைகளையோ வண்ணத் தாள்களையோ படமெடுத்து அங்கே போட வேண்டாம். எந்த நோக்கத்தில் போட்டாலும் பார்ப்பவர்கள் ஒப்பிடத்தான் செய்வார்கள்.

## 10. வரும் கேள்விகள்

"எம் பிள்ளையை யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?" இதுதான் அதிகம் வரும். இல்லை என்றால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். நடந்திருந்தால், இரண்டாம் படியில் சொன்னபடி அந்த வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். மற்ற வீட்டாரிடம் இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

"நாளைக்குக் கல்யாணம்னு வந்தா நிறம்தானே சார் பாக்கறாங்க?" இப்படிக் கேட்கும் அப்பாவோடு வாதாட வேண்டாம். அவர் சொல்வது அவர் கண்ட உண்மை. "பாக்கறாங்கதான். அதுக்காக ஒன்பது வயசுலயே அவ தன்னைக் குறைவா நினைக்க ஆரம்பிச்சுடக் கூடாதுன்னுதான் இந்தப் பாடம்" என்று சொல்லுங்கள்.

"அப்ப எந்த கிரீம் போடலாம்?" என்று தயக்கத்தோடு கேட்பவர்களும் உண்டு. இங்கே தெளிவாக இருங்கள். பிள்ளைக்குச் சிவப்பழகு கிரீம் எதுவும் வேண்டாம். கடையில் சுலபமாகக் கிடைக்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் வெளுத்தது போலத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வரும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் எரிச்சல் கூடும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. தயாரிப்பாளர் பெயரே இல்லாமல் வரும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே பிள்ளைக்குப் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். டியூபை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள்.